டிவிடெண்ட் யீல்டு 10% என்று பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி

"இந்தப் பங்கு 10% டிவிடெண்ட் தருகிறது. வங்கி வட்டியை விட அதிகம். வாங்கிப் போட்டுவிட்டால் போதும், வருஷா வருஷம் பணம் வந்துகொண்டே இருக்கும்." பங்குச் சந்தை பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் இதைக் கேட்கலாம். இதில் ஒன்றல்ல, இரண்டு தவறுகள் இருக்கின்றன. 10% தருகிறேன் என்று அந்தக் கம்பெனி யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த வருஷமும் தருவேன் என்று கையெழுத்தும் போடவில்லை. வைப்புத் தொகைக்கான வட்டியை வங்கி மறுக்க முடியாது. டிவிடெண்டை ஒரு கம்பெனி எந்தக் காலாண்டிலும் குறைக்கலாம், நிறுத்தியும் விடலாம்.

யீல்டு அதிகமுள்ள பங்குகளை வரிசைப்படி அடுக்கி, மேலே இருப்பதை வாங்குகிறவர்கள் பலர். ஆனால் அந்தப் பட்டியலின் உச்சியில்தான் டிவிடெண்டைக் குறைக்கப் போகிற கம்பெனிகளும் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். இது தற்செயல் இல்லை. அந்த எண் கணக்கிடப்படும் விதமே பலவீனமான கம்பெனிகளை மேலே தள்ளிவிடுகிறது.

## யீல்டு என்பது ஒரு வகுத்தல் கணக்கு

டிவிடெண்ட் என்பது கம்பெனி தன் பணத்திலிருந்து பங்குதாரர்களுக்கு, ஒரு பங்குக்கு இவ்வளவு என்று கொடுக்கும் தொகை. டிவிடெண்ட் யீல்டு என்பது ஒரு வருஷத்தில் ஒரு பங்குக்குக் கிடைத்த டிவிடெண்டை அந்தப் பங்கின் இன்றைய விலையால் வகுத்து, நூறால் பெருக்கி வரும் சதவீதம். பங்கு விலை 200 ரூபாய், டிவிடெண்ட் 10 ரூபாய் என்றால் யீல்டு 5%.

வகுத்தலில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே இருக்கும் டிவிடெண்ட் போன வருஷத்தில் நடந்து முடிந்த விஷயம். கீழே இருக்கும் விலையோ இன்றைக்குச் சந்தை அந்தக் கம்பெனியைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதைச் சொல்வது. பழைய தகவலை இன்றைய கருத்தால் வகுக்கிறோம். குழப்பம் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

வாடகைக்கு விட்ட ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் மதிப்பில் இத்தனை சதவீதம் வருஷ வாடகையாக வருகிறது என்று ஒரு கணக்கு இருக்கும். ஒரு நாள் அஸ்திவாரத்தில் விரிசல் விட்டுவிட்டது, ஊரில் எல்லோருக்கும் தெரிந்துபோய் வீட்டின் விலை பாதியாகிவிட்டது. குடியிருப்பவர் இன்னும் காலி செய்யவில்லை, பழைய வாடகையையே கொடுக்கிறார். இப்போது கணக்குப் போட்டால் வாடகை விகிதம் இரண்டு மடங்காகத் தெரியும். வாடகை ஒரு பைசா கூடவில்லை. விரிசல்தான் விகிதத்தை ஏற்றியது. குடியிருப்பவர் காலி செய்யும் வரைதான் அந்த விகிதத்துக்கு ஆயுள்.

பங்கிலும் அப்படியே. 200 ரூபாய்ப் பங்கு 100 ரூபாய்க்கு விழுந்தால், 10 ரூபாய் டிவிடெண்டின் யீல்டு 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகிவிடும். கம்பெனி எதையும் கூட்டிக் கொடுக்கவில்லை.

இதுவரை பார்த்ததை இப்படி வைத்துக்கொள்ளலாம்: யீல்டு இரண்டு வழிகளில் உயரும். ஒன்று, கம்பெனி டிவிடெண்டைக் கூட்டுகிறது. இன்னொன்று, பங்கு விலை விழுகிறது. திரையில் தெரியும் சதவீதத்தை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்று நான்கு வருஷத்து டிவிடெண்டையும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

## விலைக்கு முன்கூட்டியே எப்படித் தெரிகிறது

"விலை விழுந்தால் நமக்கு நல்லதுதானே, அதே டிவிடெண்ட் மலிவாகக் கிடைக்கிறதே" என்று தோன்றும். அந்த டிவிடெண்ட் தொடர்ந்தால் நல்லதுதான். ஆனால் எல்லோரும் பார்க்கக்கூடிய 10 சதவீதத்தைச் சந்தை ஏன் யாரும் எடுக்காமல் விட்டுவைத்திருக்கிறது? மற்ற முதலீட்டாளர்களுக்கும் கணக்குத் தெரியும். டிவிடெண்ட் நிச்சயம் என்று அவர்கள் நம்பியிருந்தால் பங்கை வாங்கிக் குவித்து, விலையை ஏற்றி, யீல்டை 5 சதவீதத்துக்கே இறக்கியிருப்பார்கள். 10 சதவீதம் அப்படியே நிற்கிறது என்றால், அந்த டிவிடெண்ட் வராது என்று கணிசமான பேர் நினைக்கிறார்கள் என்று பொருள். அவர்கள் நினைப்பது சில சமயம் தப்பாகவும் போகும். ஆனால் ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று தெரியாமல் வாங்கக் கூடாது.

சரி, கம்பெனிக்குள் நிலைமை மோசமாகிறது என்றால் நிர்வாகம் ஏன் டிவிடெண்டை உடனே குறைப்பதில்லை? 1956இல் ஜான் லின்ட்னர் என்ற பொருளாதார அறிஞர், அமெரிக்கக் கம்பெனி நிர்வாகிகளிடம் டிவிடெண்டை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று நேரில் கேட்டு எழுதினார். போன வருஷம் கொடுத்ததை விடக் குறைப்பதை நிர்வாகிகள் கூடியவரை தவிர்க்கிறார்கள் என்பது அவர் கண்டது. இன்றைக்கும் அதில் பெரிய மாற்றம் இல்லை. குறைத்தால் "எங்களிடம் பணம் இல்லை" என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், பங்கு விலையும் அன்றே சரியும். அதனால் தொழில் படுத்த பிறகும் டிவிடெண்ட் கொஞ்ச காலம் பழைய அளவிலேயே ஓடும். விலை முதலில் விழுகிறது, டிவிடெண்ட் கடைசியில் விழுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான் யீல்டு மிக உயரமாகத் தெரியும். யீல்டைப் பார்த்து வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் பொறி இந்த இடைவெளிதான்.

## லாபம் இருக்கிறது, பணம் இருக்கிறதா?

நிர்வாகம் டிவிடெண்டைப் பிடிவாதமாகக் கொடுக்கிறது என்றால் அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பலரும் பார்ப்பது பேஅவுட் விகிதத்தை. லாபத்தில் எத்தனை சதவீதம் டிவிடெண்டாகப் போகிறது என்பதுதான் பேஅவுட் விகிதம். அது 100க்குக் கீழே இருந்தால் "சமாளிக்கிறார்கள்" என்று திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் லாபம் என்பது கணக்குப் புத்தகத்தில் வரும் எண். பொருளை விற்று, பில் போட்டு, பணம் இன்னும் வராமல் இருந்தாலும் அது லாபத்தில் சேர்ந்துவிடும். டிவிடெண்டைப் பணமாகத்தான் கொடுக்க முடியும், பில்லாகக் கொடுக்க முடியாது.

அதனால் லாபத்தை விட முக்கியமான எண் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ. தொழிலை நடத்தியதில் உண்மையாகக் கைக்கு வந்த பணத்திலிருந்து, இயந்திரங்களுக்கும் கட்டடங்களுக்கும் செலவிட்டதைக் கழித்தால் மிஞ்சுவது அது.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 10 கோடிப் பங்குகள். பங்குக்கு 10 ரூபாய் டிவிடெண்ட், ஆக மொத்தம் 100 கோடி. லாபம் 120 கோடி. பேஅவுட் விகிதம் 83%. கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் பயப்படும்படி இல்லை. இப்போது பணக் கணக்கைத் திறந்து பார்க்கிறோம். தொழிலில் வந்த பணம் 110 கோடி. இயந்திரங்களுக்குச் செலவு 60 கோடி. மிச்சம் 50 கோடி. கையில் 50 கோடி இருக்க, கொடுப்பது 100 கோடி. மீதி 50 கோடி எங்கிருந்து வந்தது? வங்கிக் கடன்.

ஒரு வருஷம் இப்படி நடந்தால் பிரச்சினை இல்லை. நான்கு வருஷம் நடந்தால் கடன் 200 கோடி கூடியிருக்கும். வட்டி 10% என்று வைத்தால் வருஷத்துக்கு 20 கோடி புதிதாகப் போகும், மிச்சம் 50 கோடியிலிருந்து 30 கோடியாகச் சுருங்கும். அதே டிவிடெண்டைக் கொடுக்க இனி ஒவ்வொரு வருஷமும் 70 கோடி கடன் வாங்க வேண்டும். ஒரு கட்டத்தில் வங்கி போதும் என்று சொல்லும். அன்றைக்கு டிவிடெண்ட் வெட்டப்படும்.

இந்தக் கம்பெனியின் பங்கு 200இலிருந்து 100க்கு விழுந்தபோது, 10% யீல்டைப் பார்த்து ஒருவர் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். டிவிடெண்ட் 10 ரூபாயிலிருந்து 4 ரூபாயாகிறது. டிவிடெண்டுக்காகவே வைத்திருந்தவர்கள் விற்கிறார்கள், விலை 70க்கு இறங்குகிறது. அவர் எதிர்பார்த்த 10% இப்போது அவர் போட்ட பணத்துக்கு 4% ஆகிவிட்டது. போட்ட 100 ரூபாயிலும் 30 ரூபாய் போய்விட்டது. புதிய டிவிடெண்டைக் கொண்டு அந்த 30 ரூபாயை மீட்க ஏழரை வருஷம் ஆகும்.

கொடுக்கும் டிவிடெண்டை லாபத்தோடு மட்டும் ஒப்பிட்டால் 83%. கையில் மிஞ்சிய பணத்தோடு ஒப்பிட்டால் 200%. ஒரே கம்பெனி, ஒரே வருஷம்தான். முதல் எண் சமாதானம் சொல்கிறது, இரண்டாவது எண் உண்மையைச் சொல்கிறது.

## கரிலியன்: பதினாறு வருஷம் கூடிக்கொண்டே வந்த டிவிடெண்ட்

பிரிட்டனின் கரிலியன் மிகப் பெரிய கட்டுமான, சேவை ஒப்பந்தக் கம்பெனியாக இருந்தது. மருத்துவமனைகளும் சாலைகளும் கட்டியது. பள்ளிகளில், சிறைகளில், ராணுவக் குடியிருப்புகளில் பராமரிப்பு வேலையும் பார்த்தது. அரசாங்கம்தான் முக்கிய வாடிக்கையாளர். 1999இல் தொடங்கிய நாளிலிருந்து பங்குக்கான டிவிடெண்டை அது வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே வந்தது. டிவிடெண்ட் முதலீட்டாளர் ஒருவர் கனவு காணும் கம்பெனி எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

2014 வாக்கில் அதன் பங்கு 300 பென்சுக்கு மேல் விற்றது. டிவிடெண்ட் 17.75 பென்ஸ். யீல்டு ஐந்து ஆறு சதவீதம். 2016ஆம் ஆண்டுக்கு டிவிடெண்ட் 18.45 பென்ஸ். 2017 ஜூலை தொடக்கத்தில் பங்கு விலை 192 பென்ஸ் அளவில் இருந்தது. யீல்டு 9.6%. இந்த எண்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். டிவிடெண்ட் கூடியது வெறும் 4 சதவீதம். யீல்டு அதைப் போலப் பல மடங்கு ஏறியிருக்கிறது. ஏற்றியது ஏறக்குறைய முழுவதும் விலைச் சரிவுதான். பங்கு இன்னும் விழும் என்று பந்தயம் கட்டியவர்கள் மிக அதிகமாக இருந்த லண்டன் பங்குகளில் கரிலியனும் ஒன்று.

லாபக் கணக்கில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. 2016இல் வரிக்கு முந்தைய லாபம் ஏறக்குறைய 147 மில்லியன் பவுண்டு. டிவிடெண்டாகப் போனது 79 மில்லியன். தாராளமாகக் கட்டுப்படியாகிற மாதிரிதான் இருந்தது. பணக் கணக்கு வேறு கதை சொன்னது. பின்னர் விசாரித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுக்கள் அதைத் தெளிவாக எழுதின. 2012 முதல் 2016 வரை ஐந்து வருஷத்தில் தொழிலிலிருந்து வந்த பணத்தை விட 217 மில்லியன் பவுண்டு அதிகமாக டிவிடெண்ட் கொடுத்திருக்கிறார்கள்.

லாபம் இருக்க, பணம் ஏன் இல்லை? கட்டுமானத் தொழிலில் ஒரு வேலை முடிய பல வருஷம் ஆகும். இதுவரை இத்தனை சதவீதம் முடிந்தது, கடைசியில் இவ்வளவு லாபம் நிற்கும் என்று கம்பெனியே மதிப்பிட்டு, அதில் முடிந்த வேலைக்கு உரிய அளவை இந்த வருஷ லாபமாக எழுதும். மதிப்பீடு நம்பிக்கையோடு இருந்தால் லாபமும் பெரிதாக இருக்கும். கரிலியன், வாடிக்கையாளர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளாத தொகைகளையும் வருமானத்தில் சேர்த்திருந்தது. சப்ளையர்களுக்குப் பணம் கொடுப்பதையும் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டது. அந்த வகையில் கையில் தங்கிய பணம், வங்கிக் கடன் என்ற பெயரில் கணக்கில் வரவில்லை. ஓய்வூதிய நிதியிலும் பெரிய பற்றாக்குறை இருந்தது.

2017 ஜூன் மாதம் கடைசித் தவணை டிவிடெண்ட் பட்டுவாடா ஆனது. அடுத்த மாதமே, ஜூலை 10ஆம் தேதி, ஒப்பந்தங்களில் 845 மில்லியன் பவுண்டு நஷ்டத்துக்கு ஒதுக்கீடு செய்வதாகவும் டிவிடெண்டை நிறுத்துவதாகவும் அறிவித்தது. அன்று ஒரே நாளில் பங்கு 39% விழுந்தது. செப்டம்பரில் இன்னும் 200 மில்லியன் சேர்ந்தது. இந்த இரண்டும் சேர்ந்து, அதற்கு முந்தைய ஏழு வருஷ லாபம் முழுவதையும் சாப்பிட்டுவிட்டன. அதாவது அந்த வருஷங்களில் "லாபத்திலிருந்து" என்று சொல்லிக் கொடுத்த டிவிடெண்டுக்குப் பின்னால் லாபமே இருக்கவில்லை. 2018 ஜனவரி 15ஆம் தேதி கம்பெனி கலைப்புக்குப் போனது. கையில் இருந்த பணம் 29 மில்லியன் பவுண்டு, கொடுக்க வேண்டியதோ ஏறக்குறைய 7 பில்லியன். பங்குதாரர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது அந்தப் பதினாறு வருஷ வரலாறுதான். "இத்தனை வருஷமாகக் குறைக்காமல் கொடுக்கிறார்கள்" என்பதைப் பாதுகாப்பாக நினைத்து வாங்கியவர்கள் நிறையப் பேர். அந்த வரலாற்றைக் காப்பாற்றுவதற்காகவே டிவிடெண்ட் கூடிக்கொண்டு போனது. நீண்ட வரலாறு சில கம்பெனிகளில் வலிமையைக் காட்டும், சில கம்பெனிகளில் கடன் வாங்க வைக்கும் சுமையாகிவிடும். எது என்பதை வரலாற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது, பணத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

## ஆண்டறிக்கையில் பத்து நிமிஷ வேலை

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எந்தக் கம்பெனியும் ஆண்டறிக்கை வெளியிடும். அதில் பணப்பாய்வு அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கும். தொழில் நடவடிக்கைகள், முதலீட்டு நடவடிக்கைகள், நிதி நடவடிக்கைகள் என்று அது மூன்று பகுதியாகப் பிரிந்திருக்கும்.

முதல் பகுதியின் கடைசி வரியில் தொழிலிலிருந்து வந்த நிகரப் பணம் இருக்கும். இரண்டாம் பகுதியில் சொத்து, இயந்திரம் வாங்கச் செலவிட்டது இருக்கும். முதல் தொகையிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள், அதுதான் மிச்சம். மூன்றாம் பகுதியில் கொடுத்த டிவிடெண்ட் என்று ஒரு வரி இருக்கும், அதை எழுதிக்கொள்ளுங்கள். அதே பகுதியில் புதிதாக வாங்கிய கடனும் திருப்பிக் கட்டிய கடனும் இருக்கும்.

ஒரு வருஷத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஒரு வருஷம் பெரிய தொழிற்சாலை கட்டியிருப்பார்கள், அந்த வருஷம் மிச்சம் குறைவாகத்தான் தெரியும். ஐந்து வருஷத்தைக் கூட்டுங்கள். ஐந்து வருஷ மிச்சத்தை விட ஐந்து வருஷ டிவிடெண்ட் அதிகமாக இருந்து, கடனும் அதே காலத்தில் ஏறியிருந்தால், டிவிடெண்ட் கடனிலிருந்துதான் வருகிறது. கரிலியனில் வெளியாட்கள் 2017க்கு முன்பே பார்த்திருக்கக்கூடிய கணக்கு இதுதான். ரகசியத் தகவல் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். திரையில் தெரியும் யீல்டில் ஒரே ஒரு முறை கொடுத்த சிறப்பு டிவிடெண்டும் சேர்ந்திருக்கலாம். ஏதோ ஒரு பிரிவை விற்று, வந்த பணத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்திருப்பார்கள். அடுத்த வருஷம் விற்க அந்தப் பிரிவு இருக்காது. வழக்கமான டிவிடெண்டை மட்டும் தனியாக எடுத்து யீல்டைக் கணக்கிட வேண்டும்.

## இந்தக் கணக்கு எங்கே செல்லாது

வங்கிகளுக்கும் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ கணக்கு பொருந்தாது. பணமே அவர்களுக்குச் சரக்கு. வைப்பு வருவதும் கடன் கொடுப்பதும் பணப்பாய்வு அறிக்கையில் கலந்துவிடும். அங்கே எடுத்திருக்கும் ஆபத்துக்கு எதிரே சொந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் மூலதன விகிதத்தைப் பார்க்க வேண்டும். ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளில் இது தலைகீழ். கட்டடத் தேய்மானம் கையிலிருந்து பணம் போகாமலேயே லாபத்தைச் சிறிதாகக் காட்டும், அதனால் பேஅவுட் விகிதம் 100ஐத் தாண்டியிருந்தாலும் பணம் போதுமானதாக இருக்கலாம்.

யீல்டு அதிகமுள்ள எல்லாப் பங்கும் பொறி என்றும் சொல்ல முடியாது. வளர்ச்சி நின்றுபோன, ஆனால் நிறையப் பணம் ஈட்டுகிற தொழில்கள் இருக்கின்றன. புதிதாகக் கட்ட எதுவும் இல்லாததால் வருகிற பணத்தை அப்படியே கொடுத்துவிடுவார்கள். அங்கே யீல்டு உயரமாக இருப்பது இயல்பு. எண்ணெய், உலோகம் போன்ற தொழில்களில் நல்ல வருஷத்து டிவிடெண்டை மோசமான வருஷத்து விலையால் வகுத்தால் பிரமாதமான யீல்டு வரும். அதை நம்பி அடுத்த வருஷ வருமானத்தைத் திட்டமிடக் கூடாது, அவ்வளவுதான்.

டிவிடெண்டைக் குறைத்த கம்பெனி எல்லாம் அழிந்துபோவதும் இல்லை. ஷெல் நிறுவனம் 2020 ஏப்ரலில் காலாண்டு டிவிடெண்டை 47 சென்டிலிருந்து 16 சென்டாக வெட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது குறைத்தது அதுவே முதல் முறை. எண்ணெய் விலை சரிந்து கிடந்த நேரத்தில் கடன் வாங்கிப் பழைய டிவிடெண்டைக் காப்பாற்றுவதை விட அதுதான் சரியான முடிவு. பங்குதாரர்களுக்கு அன்று வலித்தது, ஆனால் கம்பெனி நிலைத்து நின்று டிவிடெண்டைப் பிறகு படிப்படியாகக் கூட்டியது. ஏற்கெனவே வெட்டி முடித்து, மிச்சப் பணத்துக்குள் டிவிடெண்டை அடக்கிக்கொண்ட கம்பெனியின் 4%, இன்னும் வெட்டாமல் கடன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும் கம்பெனியின் 10 சதவீதத்தை விட நம்பகமானது. ஆனால் யீல்டு வரிசையில் இரண்டாவதுதான் மேலே தெரியும்.